சீலியாக்: சாப்பாடு உடம்பில் ஒட்டாத நோய்

"நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." பிள்ளை இளைத்துப்போனால் நம் வீடுகளில் சொல்வது இதுதான். அடுத்த பேச்சு, "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை கொடு." பல சமயம் அது சரியான யோசனைதான். மாத்திரை கொடுத்த பிறகும் எடை ஏறாதபோதுதான் சீலியாக் என்ற சொல் மருத்துவரின் வாயிலிருந்து வருகிறது.

கிரேக்கத்தில் கொய்லியா என்றால் வயிறு. வெகுநாள் ஓயாத வயிற்றுப்போக்கால் மெலிந்து போனவர்களைக் கப்பதோக்கியாவைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற பழங்கால மருத்துவர் 'கொய்லியாகோஸ்', அதாவது வயிற்றுக்காரர்கள், என்று எழுதிவைத்தார். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அந்தப் பழைய பெயரையே எடுத்து, குழந்தைகளிடம் தான் கண்ட நோய்க்கு வைத்தார். குணமாக வேண்டுமென்றால் உணவால்தான் ஆகும் என்று அப்போதே சொன்னவர் அவர். தினமும் சிப்பிக்கறி கொடுத்த ஒரு குழந்தை நன்றாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி விழுந்ததையும் குறித்திருக்கிறார். ஆனால் எந்த உணவு கெடுக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மெலிதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றே எழுதினார்.

அந்த ரொட்டிதான் எதிரி என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1930களிலேயே கோதுமைமீது அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி அரிதானது. அந்தக் காலத்து அனுபவம் சந்தேகத்தை வலுவாக்கியது. 1950இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார்.

ஆக, சீலியாக் என்ற சொல்லில் கோதுமையும் இல்லை, நோயின் காரணமும் இல்லை, வயிறு மட்டும்தான் இருக்கிறது. இதனால் ஒரு வீண் பயமும் வருகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'சீலியாக் தமனி' என்று பார்த்துவிட்டுக் கலங்குபவர்கள் உண்டு. அது வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் பெயர். இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் குளூட்டன் என்ற புரதம். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பசை என்றே பொருள், தமிழில் 'பசையம்' என்பது அப்படியே பொருந்துகிறது. ஓர் உருண்டை சப்பாத்தி மாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பிசைந்துகொண்டே இருங்கள். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடும். தண்ணீர் தெளிந்த பிறகு கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும் ரப்பர் மாதிரி ஒரு கட்டி. பெரும்பாலும் பசையம்தான் அது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இந்த வகைப் புரதம் உண்டு. அரிசிச் சோறு எவ்வளவு குழைந்து ஒட்டினாலும் இது அதில் கிடையாது.

சிலருக்கு, குறிப்பிட்ட மரபணு இருந்தால், உடம்பின் எதிர்ப்புப் படை பசையத்தைக் கண்டு கிளம்பித் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் (இலங்கைப் பாடநூல்களில் சடைமுளை) தேய்ந்து தட்டையாகிவிடும். உணவு செரிக்கிறது, ஆனால் உள்ளே ஏறுவதில்லை. இந்த நிலையைச் செரிமானக் கோளாறு என்பது தவறு. 'உறிஞ்சல் குறைபாடு' என்பதே சரியான சொல். இலங்கைத் தமிழின் 'அகத்துறிஞ்சல்' இன்னும் துல்லியம்.

நாளிதழ்களில் வரும் 'கோதுமை ஒவ்வாமை'யையும் நான் ஏற்கமாட்டேன். ஒவ்வாமையில் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரும். இங்கே குடல் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் அழிகிறது. 'பசையக் குடல் நோய்' என்று சொன்னால் காரணமும் இடமும் ஒருசேர விளங்கும். அறிக்கைகளில் தேடுவதற்காகச் சீலியாக் என்ற பெயரையும் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஏழு வயது, 17 கிலோ, ஒரு வருடமாக ஏறவில்லை, இப்போது குறைகிறது. காலையில் சப்பாத்தி, சாயங்காலம் பிஸ்கட். மலம் வெளிறி, நிறையப் போகிறது, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சப்படாத கொழுப்பின் அடையாளம் அது. ஹீமோகுளோபின் 8.5. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் ஒழுங்காகக் குடித்தும் 8.7தான்.

பூச்சி என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பலவற்றை அடைக்கிறோம். கொக்கிப்புழு குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும், ரத்தசோகை தரும். உருண்டைப்புழு நிறைய இருந்தால் பிள்ளையின் சத்தைப் பங்குபோடும். இரவில் ஆசனவாயில் அரிப்பு தரும் கீரிப்பூச்சி பொதுவாக எடையைக் குறைப்பதில்லை. கொக்கிப்புழுதான் காரணம் என்றால் மாத்திரைக்கும் டானிக்குக்கும் பிறகு ரத்தம் ஏறியிருக்க வேண்டும். இவனுக்கு ஏறவில்லை, அதாவது இரும்பும் உள்ளே போகவில்லை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இப்படிச் செய்யும். அது புழுவே அல்ல, ஒரு வேளை மாத்திரைக்கு அடங்காது. எனவே மலப் பரிசோதனையும் வேண்டும்.

அடுத்தது டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவும் பார்க்க வேண்டும், அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரும். பையனுக்கு இயல்பின் உச்சவரம்பு 20, வந்தது 200க்கு மேல் என்றால், பொதுவாக எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலில் சில துணுக்குகள் எடுத்து உறுதிசெய்வார்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்தில் டிடிஜி அளவும் இறங்கும், பரிசோதனை ஒன்றும் சொல்லாது. எல்லாப் பரிசோதனையும் முடியும்வரை வழக்கம்போல் சப்பாத்தி சாப்பிட வேண்டும்.

இந்நோய் தெற்கே குறைவு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இதற்குரிய எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் தெரிந்த பெரியவர்கள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது, கோதுமை தின்னும் அளவில்தான் பெரிய வித்தியாசம். பெரியவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் முதலில் சர்க்கரையையும் தைராய்டையும் பார்ப்பதே முறை.

சிகிச்சை என்றால் ஆயுளுக்கும் பசையம் நீக்குவதுதான். சோறு, இட்லி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாம் சாப்பிடலாம். மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பரோட்டா, பார்லி மால்ட் கலந்த பானங்கள் கூடாது. இதையெல்லாம் விட்டும் தேறாத பிள்ளைகளின் வீட்டில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று கூட்டுப் பெருங்காயம், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவு இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது.

நம் பையனுக்கு ஆறு மாதம் கழித்து டிடிஜி மறுபடி பார்க்கும்போது அளவு இறங்கியிருக்க வேண்டும், எடையும் ஏறியிருக்க வேண்டும். அப்போதே அவனுடைய பெற்றோரும் கூடப்பிறந்தவர்களும் ஒருமுறை இதே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், நெருங்கிய ரத்த உறவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும், தொந்தரவு எதுவும் தெரியாமலேகூட.