பன்னிரண்டு லட்சம் எரிந்தது, ஆறு லட்சம்தான் வந்தது

கடைகளுக்குக் கணக்கெழுதும் வேலையில் இருப்பதால், தீ விபத்துக்குப் பிறகு கிளைம் தொகையைப் பார்த்து அதிர்ந்துபோகும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். "பிரீமியம் ஒழுங்காகக் கட்டினேனே, ஏன் சார் பாதிதான் கொடுக்கிறார்கள்?" என்பதுதான் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் பாலிசியில் எழுதியிருக்கும் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது: காப்புத்தொகை.

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரண மாதங்களில் கடையில் 20 லட்ச ரூபாய் சரக்கு இருக்கும். அதனால் உரிமையாளர் 20 லட்சத்துக்குத் தீ பாலிசி எடுத்திருக்கிறார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் நடுவில், கடை தீப்பிடிக்கிறது. 12 லட்ச ரூபாய்ச் சரக்கு சாம்பல். காப்பு 20 லட்சம், இழப்பு 12 லட்சம், எனவே முழுதும் கிடைக்கும் என்று அவர் நினைக்கிறார்.

இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்ததும் முதலில் எரிந்ததை எண்ணுவதில்லை. தீப்பிடித்த அன்று கடையில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்று கணக்குப் போடுகிறார். ஏப்ரல் 1 அன்று ஆரம்ப இருப்பு 22 லட்சம். அதன்பின் கொள்முதல் 62 லட்சம். விற்பனை 55 லட்சம். அதில் 20 சதவீதம் லாபம் என்றால் விற்றுப்போன சரக்கின் அடக்கவிலை 44 லட்சம். 22-ஐயும் 62-ஐயும் கூட்டி 44-ஐக் கழித்தால் 40 லட்சம் வருகிறது. பண்டிகைக்காக வாங்கிக் குவித்த சரக்கு அது.

இருந்த சரக்கு 40 லட்சம், காப்பு செய்தது 20 லட்சம். அதாவது பாதி அபாயத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். மீதிப் பாதியைத் தானே சுமக்கிறார் என்பது காப்பீட்டின் கணக்கு. அதனால் 12 லட்ச இழப்பிலும் பாதி, 6 லட்சம், அவர் தலையில். ஆங்கிலத்தில் 'ஆவரேஜ்' என்று சொல்லும் விதி இதுதான். ஒருவர் 20 லட்சத்துக்கும் இன்னொருவர் 40 லட்சத்துக்கும் பிரீமியம் கட்டி, இருவருக்கும் ஒரே இழப்பீடு கொடுத்தால் யாருமே முழுத் தொகைக்குக் கட்டமாட்டார்கள். அதைத் தடுக்கவே இந்த விதி.

2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் சிறு வணிகங்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொது வடிவப் பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துள்ள கடைகளுக்கு உரியது. இதில் குறைவான காப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் மன்னித்துவிடுகிறார்கள். நம் துணிக்கடைக்காரர் 34 லட்சத்துக்கு எடுத்திருந்தால்கூட ஆவரேஜ் கழிவு இருந்திருக்காது. தீபாவளிச் சரக்கு ஏறும்போது பாலிசிக் காலத்தின் நடுவிலேயே காப்புத்தொகையைக் கூட்டிக்கொள்ளவும் வழியுண்டு; எண்டார்ஸ்மெண்ட் என்பார்கள். கூடுதல் பிரீமியம் மீதமுள்ள நாட்களுக்கு மட்டும்தான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. எரிந்த சரக்குக்கு ஏற்கனவே எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். களவுபோன சரக்குக்கும் அப்படியே. 5 சதவீத வரி என்றால் 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய். வரி சேர்க்காமல் காப்புத்தொகை போட்டிருந்தால் இது கைக்காசிலிருந்துதான் போகும். சரக்கை எப்போதும் வாங்கிய விலையில், இந்த வரியையும் சேர்த்து மதிப்பிடுங்கள். விற்கும் விலையில் போட்டால் பிரீமியம்தான் வீண். லாபத்தைத் தீ பாலிசி தராது.

மேலே சர்வேயர் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். பில் இல்லாமல் வாங்கிய சரக்கு அதில் வராது. பில் இல்லாமல் விற்றது, கடையில் இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டி, காப்பு குறைவு என்ற முடிவுக்கே கொண்டுபோகும்.

தீக்கான காப்புத்தொகை முழுச் சரக்கின் மதிப்பு. திருட்டுக்கு அளவுகோல் வேறு. ஒரே இரவில் 40 லட்ச ரூபாய்த் துணியையும் யாரும் தூக்கிப்போக முடியாது. அதனால் 'ஃபர்ஸ்ட் லாஸ்' முறையில், முழு மதிப்பு 40 லட்சம் என்று அறிவித்துவிட்டு, 25 சதவீதம், அதாவது 10 லட்சம் வரைக்கும் மட்டும் காப்பு வாங்கலாம். பிரீமியம் குறையும். ஆனால் அறிவிக்கும் முழு மதிப்பு உண்மையாக இருக்க வேண்டும். 20 லட்சம் என்று சொன்னால் ஆவரேஜ் இங்கேயும் வந்து நிற்கும்.

பொருள் காணவில்லை என்பது மட்டும் போதாது. பாலிசி சொல்லும் 'பர்க்ளரி' என்பது உடைத்து நுழைவது: பூட்டு, ஷட்டர், கூரை ஏதாவது ஒன்றில் வன்முறையின் அடையாளம் வேண்டும். கிடங்கில் இருந்து சரக்கு காணாமல் போன வழக்கு ஒன்றில், பாலிசியின் சொற்கள் வன்முறையான நுழைவைக் கேட்கும்போது அது இல்லாமல் இழப்பீடு கிடையாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகலில் வாடிக்கையாளர் மடித்து எடுத்துப்போகும் சேலை இதில் வராது. கடைப் பையன் கைவைத்தால் அதற்கு 'ஃபிடெலிட்டி' காப்பு தனியாக வேண்டும். உடைந்த ஷட்டரை விடிந்ததும் சரிசெய்யத் தோன்றும். போட்டோ எடுத்து, போலீஸும் சர்வேயரும் பார்க்கும்வரை கைவைக்காதீர்கள்.

மூன்றாவது காப்பான வணிகத் தடைக் காப்பைச் சிறு கடைகளில் எடுத்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுவே பெரிய வருத்தம். சரக்குக்குப் பணம் வந்தாலும் கடை நான்கு மாதம் மூடியிருந்தால் வாடகை, சம்பளம், வட்டி எதுவும் நிற்காதே. இதற்கான இந்தக் காப்பின் தொகையை மொத்த லாபத்தை வைத்துத்தான் போட வேண்டும். நிகர லாபத்தை வைத்து அல்ல. நம் கடையின் ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம், விற்ற சரக்கின் அடக்கவிலை 96 லட்சம் என்றால் காப்புத்தொகை 24 லட்சம். வாடகையும் சம்பளமும் அந்த 24-க்குள்தான் அடங்கியிருக்கின்றன.

தீக்குப் பிறகான நான்கு மாதங்களில் சென்ற ஆண்டு 45 லட்சம் விற்றது. இந்த ஆண்டு பக்கத்துத் தெருவில் தற்காலிகக் கடை போட்டு 15 லட்சம் விற்றார். குறைவு 30 லட்சம், அதில் 20 சதவீதம் 6 லட்சம். மிச்சமான மின்கட்டணம் போன்றவற்றைக் கழித்து, தற்காலிகக் கடையின் கூடுதல் செலவைச் சேர்த்து, தொடக்கத்தில் சில நாட்களுக்கு உரிய கழிவும் போக மீதி கிடைக்கும். 24-க்குப் பதில் 12 லட்சத்துக்கு எடுத்திருந்தால் இதுவும் பாதியாகிவிடும். காப்புக் காலத்தை மூன்று மாதம் என்று வைத்திருந்தால் நான்காவது மாதத்து நஷ்டத்துக்கு ஒரு பைசாவும் இல்லை. கட்டடம் சரியாகும் நாளை மட்டும் எண்ணாமல், பழைய வாடிக்கையாளர்கள் திரும்பும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தக் காப்பு தீ பாலிசியின் முதுகில்தான் சவாரி செய்கிறது. தீ கிளைம் ஏற்கப்படவில்லை என்றால் இதுவும் இல்லை. பொருளுக்குச் சேதமில்லாமல் ஊரடங்கால் கடை மூடினாலும் பொதுவாக இல்லை.

கடன் வாங்கியவர்கள் "பேங்க்கே இன்சூரன்ஸ் போட்டுவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அது கடன் தொகைக்கு மட்டும். சரக்கு முழுதுக்கும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடையின் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காப்பு 8 லட்சம், கடையில் சரக்கு 19 லட்சம். அதைவிட மோசம், முகவரி: இரண்டு ஆண்டுக்கு முன் அவர் காலிசெய்த பழைய கடை. அவர் புதிதாக எடுத்த கிடங்கின் பெயரே அதில் இல்லை. பாலிசியில் எழுதாத இடத்தில் இருக்கும் சரக்குக்குக் காப்பு கிடையாது. அன்று மாலையே கடிதம் எழுதிக் கொடுத்து இப்போதைய கடை, கிடங்கு இரண்டின் முகவரிகளையும் சேர்க்கச் சொன்னோம். அடுத்த வாரம் திருத்திய நகல் கைக்கு வந்தது.