80 என்று வைத்தாலும் 100-லேயே நிற்கும் பேட்டரி

நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி ‘ஓவர்சார்ஜ்’ ஆகிக் கெடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. 100 சதவீதம் வந்ததும் சார்ஜ் ஏறுவதை லேப்டாப்பே நிறுத்திவிடும். அதன்பின் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்திலேயே அது ஓடும். பேட்டரி நிரம்பிய நிலையிலேயே, சூட்டோடு, மாதக்கணக்கில் சும்மா கிடப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

லித்தியம் அயான் செல் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் வரை ஏறும். சில வகைகளில் 4.4 வரைகூடப் போகும். அந்த உச்ச அழுத்தத்தில் உள்ளேயிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. சூடு சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும். சிதைவில் ஒரு பங்கு வாயுவாக மாறுவதால்தான் பழைய பேட்டரிகள் உப்புகின்றன. பயன்படுத்தாமல் ஓராண்டு வைத்திருக்கும் செல்லுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: 40 டிகிரி செல்சியஸில் முழுச் சார்ஜோடு இருந்தால் கொள்ளளவில் சுமார் 65 சதவீதம் மிஞ்சும். அதே சூட்டில் 40 சதவீதச் சார்ஜோடு இருந்தால் சுமார் 85 மிஞ்சும். வேலை செய்யும் லேப்டாப்பின் அடிப்பாகம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

சார்ஜ் வரம்பு என்பது இந்த உச்ச அழுத்தத்துக்குப் போகவிடாமல் 80 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்தும் ஏற்பாடு. இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. லெனோவோவில் Lenovo Vantage செயலிக்குள் Conservation Mode என்று இருக்கும்; திங்க்பேட் என்றால் எந்தச் சதவீதத்தில் தொடங்கி எதில் நிறுத்த வேண்டும் என்று நீங்களே எண் கொடுக்கலாம். அசுஸில் MyASUS செயலியின் பேட்டரிப் பகுதியில் இருக்கிறது. டெல்லில் பயாஸிலேயே Primarily AC Use, Custom என இரண்டு வழிகள் உண்டு. Custom எடுத்தால் 75-ல் தொடங்கி 80-ல் நிறுத்து என்று வைப்பது நல்லது. ஹெச்பியின் அலுவலக மாடல்களில் பயாஸுக்குள் Battery Health Manager தேடி, Maximize my battery health தேர்ந்தெடுக்க வேண்டும். ‘தானே கற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளும்’ வகைத் தேர்வுகளும் சில மாடல்களில் உண்டு. எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு எண் தெளிவாகத் தெரியும் வரம்பையே நாங்கள் பரிந்துரைப்போம். வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

லினக்ஸில் பல மாடல்களுக்கு ஒற்றை வரி போதும்:

```
echo 80 | sudo tee /sys/class/power_supply/BAT0/charge_control_end_threshold
```

சில லேப்டாப்புகளில் BAT0-க்குப் பதில் BAT1 என்றிருக்கும். அந்தக் கோப்பே இல்லையென்றால் அந்த மாடலுக்கு இந்த வழியில் ஆதரவு இல்லை என்று பொருள். மறுதொடக்கத்துக்குப் பிறகு சில மாடல்களில் இந்த எண் மறைந்துவிடும். நிலையாக வைக்க TLP போன்ற கருவி உதவும்.

அடிக்கடி நடக்கும் தவறு இதற்குப் பிறகுதான். பேட்டரி 100-ல் இருக்கும்போது வரம்பை 80 என்று வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றாமல் அப்படியே வேலையைத் தொடர்கிறார்கள். வரம்பு புதிதாக ஏறுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ஏறியதைப் பெரும்பாலான மாடல்கள் இறக்காது. அடாப்டர் மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் பேட்டரி செலவாக வழியில்லை. ஆக, செட்டிங்கில் 80 என்று இருந்தும் பேட்டரி வாரக்கணக்கில் 100-க்குப் பக்கத்திலேயே கிடக்கும். வரம்பு வைத்ததும் பிளக்கைக் கழற்றி, 70 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பேட்டரியிலேயே வேலை பாருங்கள். பிறகு பிளக் செய்து, 80-ல் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்ற பிறகு ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம், வரம்பு வேலை செய்கிறது என்றே அர்த்தம். அதைப் பழுது என்று எண்ணிப் புது அடாப்டர் வாங்குகிறவர்களும் உண்டு! 80-ஐத் தாண்டி ஏறினால், பயாஸில் ஒரு வரம்பும் செயலியில் வேறொரு வரம்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

60-ஆ, 80-ஆ என்பது மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுங்கள்:

```
powercfg /batteryreport
```

வரும் அறிக்கையில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000 mWh, இரண்டாவது 41,000 mWh என்று வைத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் 82 சதவீதம் மிஞ்சியிருக்கிறது. வரம்பு கணக்கிடப்படுவது இந்த 41,000-த்தின் மேல்தான், பழைய 50,000-த்தின் மேல் அல்ல. 80 வைத்தால் 32,800, 60 வைத்தால் 24,600. லேப்டாப் சராசரியாக 10 வாட் எடுக்கிறது என்றால் 80-ல் மூன்றேகால் மணி நேரத்துக்கும், 60-ல் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கும் வரும். அந்த இரண்டரை மணி நேரமே போதும் என்பவர்கள் 60-ஐத் தயங்காமல் எடுக்கலாம். பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100-க்கு மாற்றிக்கொண்டால் போகிறது; ஓரிரு நாள் நிரம்பியிருப்பதால் எதுவும் ஆகிவிடாது.

வரம்பிலேயே நெடுநாள் நிற்கும் பேட்டரிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. முழுதாக நிரம்புவதையும் நன்றாக இறங்குவதையும் பார்க்காததால், மீதம் எவ்வளவு என்று கணக்கிடும் சில்லு மெல்லத் தப்புக்கணக்குப் போடத் தொடங்கும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோவது இதன் ஓர் அடையாளம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரம்பை நீக்கி 100 வரை ஏற்றி, ஏறத்தாழ 10 வரை இறக்கி, மறுபடி 100 ஏற்றினால் கணக்கு நேராகும். பிறகு வரம்பைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். மூன்று முறை செய்தும் 30-லேயே அணைந்தால் கோளாறு கணக்கில் இல்லை, செல்லில்தான்.

வரம்பு வைத்துவிட்டோம் என்று சூட்டை மறந்துவிடக் கூடாது. மூடியை மூடி வெளித்திரையில் வேலை பார்ப்பவர்கள் காற்றுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தை மீது வைப்பதும் அதே கெடுதல்தான்.

ஏற்கெனவே உப்பிய பேட்டரிக்கு எந்த வரம்பும் உதவாது. டச்பேட் அழுத்தினால் ‘கிளிக்’ ஆகாமல் இறுகிப்போவது, டச்பேட் ஓரம் மேலெழும்புவது, சமதள மேசையில் லேப்டாப் ஆடுவது ஆகியவைதான் முதல் அடையாளங்கள். பார்த்த உடனே சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிட்டு, பேட்டரியை மாற்றக் கொடுங்கள். அழுத்திச் சமன் செய்வதும், ஊசி குத்தி வாயுவை வெளியேற்றுவதும் தீப்பிடிக்க வைக்கும்.