குழாய்க்கு முன் கிணற்றைப் பாருங்கள்

கிராமக் குடிநீர்த் திட்டத்தின் சாத்தியக்கூறு அறிக்கை ஊராட்சிக்கு வந்ததும் பெரும்பாலானோர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் மொத்தத் தொகையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது கிணற்றைச் சோதித்த தேதியைத்தான். அது நவம்பராக இருந்தால் மற்ற பக்கங்களைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

தர்மபுரிப் பக்கம் உள்ள ஒரு கிராமத்தின் கணக்கை இங்கே சொல்கிறேன். எளிதாகப் புரிய எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். ஊரில் 2,400 பேர், சுமார் 600 வீடுகள். உள்ளூர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் 5 கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரத்தில் கிணறு வெட்டி, குழாய் போட்டு, ஊரில் உள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குழாயை 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் போடுவது வழக்கம். அதற்குள் மக்கள்தொகை 3,200 ஆகும் என்று வைத்து, வழியில் கசிவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டார் 16 மணி நேரம் ஓடினால் கிணறு நிமிடத்துக்கு சுமார் 210 லிட்டர் கொடுத்தாக வேண்டும்.

இந்த 210 லிட்டர் மே மாதத்திலும் கிடைக்குமா? திட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மழை முடிந்த கையோடு இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டிப் பார்த்துவிட்டு “போதுமான நீர் உள்ளது” என்று எழுதுவது சோதனை ஆகாது. கோடையில், தேவையான அதே வேகத்தில் குறைந்தது ஒரு நாள் முழுக்க இறைத்து, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். மட்டம் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் மணிக்கு மணி இறங்கிக்கொண்டே போனால், ஊற்று தருவதைவிட அதிகமாக எடுக்கிறோம் என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த அட்டவணை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பக் கிராம சபையில் தயங்காதீர்கள்.

தண்ணீர் மாதிரியையும் அதே கோடையில் எடுங்கள். இந்திய தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததற்கு ஃபுளோரைடே முக்கியக் காரணம். மழைக்காலத்தில் 1.1 காட்டிய கிணறு கோடையில் எல்லையைத் தாண்டலாம். ஒரே ஒரு பரிசோதனைச் சீட்டை நம்பி 5 கிலோமீட்டர் குழாய் போடக் கூடாது.

சரி, கிணறு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது குழாயின் விட்டம். பணம் சத்தமில்லாமல் கரையும் இடம் இது. நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை ஏற்ற வேண்டிய உயரம் 40 மீட்டர். இது எந்தக் குழாய் போட்டாலும் மாறாது. ஆனால் குழாய்க்குள் ஏற்படும் உராய்வு மாறும். இந்த நீரோட்டத்துக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் 75 மி.மீ. ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் உராய்வுக்கே சுமார் 90 மீட்டர் அழுத்தம் போய்விடும். 90 மி.மீ. குழாயில் அது 37 மீட்டர், 110 மி.மீ. குழாயில் 14 மீட்டர்தான். 75ஐ உடனே ஒதுக்கிவிடலாம், ஏற்றும் உயரத்தையும் சேர்த்தால் 130 மீட்டர் ஆகிறது, 10 கிலோ அழுத்தம், அதாவது சுமார் 100 மீட்டர் தாங்கும் சாதாரண ரகத்துக்கு அது அதிகம். மீதி இரண்டில், 110க்கு மாறினால் குழாய் விலை மட்டும் ஐந்தாறு லட்சம் கூடும். இதைக் காட்டித்தான் செலவைக் குறைக்கச் சொல்லி 90க்கு இறக்குவார்கள். ஆனால் முழு அளவு இறைக்கும்போது 110 மி.மீ. குழாய் நாளொன்றுக்கு சுமார் 25 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய்க்கு மேல். இப்போதைய மக்கள்தொகைக்குக் குறைவாக இறைத்தாலும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும், குழாயோ 30 ஆண்டுகளுக்கு. கட்டும் செலவில் பெரும்பகுதியை அரசு தருகிறது, கரண்ட் பில்லை ஊராட்சி கட்டுகிறது. அதனால் இந்த ஒப்பீடு அறிக்கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

மொத்தச் செலவுக்கு வருவோம். சாத்தியக்கூறு நிலையில் ஒரே தொகையைச் சொல்பவரை நான் நம்புவதில்லை. இந்த ஊருக்கு 1.1 முதல் 1.8 கோடி ரூபாய் வரை என்று சொல்வதே நேர்மையான பதில். இதில் கிணற்றிலிருந்து வரும் மெயின் குழாயைப் பதித்து முடிக்க 30 முதல் 50 லட்சம். ஊருக்குள் தெருக்குழாய்களும் வீட்டு இணைப்புகளும் சேர்ந்து 43 முதல் 70 லட்சம். மிச்சம் கிணறு, மோட்டார் அறை, 60,000 லிட்டர் தொட்டி ஆகியவற்றுக்கு. ஆண்டுதோறும் மாறும் விலைப்பட்டியலை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மெயின் குழாயில் ஏன் இவ்வளவு இடைவெளி? பாறைதான் காரணம். குழாய்க்கு மேல் போதிய மண் இருக்க ஒரு மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். மண்ணாக இருந்தால் பொக்லைன் ஒரு நாளில் நெடுந்தூரம் போய்விடும். பாறையாக இருந்தால் உடைக்க ஒரு கன மீட்டருக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் ஆகும். 5 கிலோமீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் பாறையாக இருந்தாலே ஒன்பது முதல் பதின்மூன்று லட்சம் கூடிவிடும். இதை முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. 500 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போட்டால் போதும், செலவு சில ஆயிரங்கள்தான். அதைச் செய்யாத இடங்களில் பாறை தென்பட்டதும் ஒப்பந்தக்காரர் அரையடி ஆழத்தில் குழாயைப் படுக்கவைத்து மண்ணை மூடிவிடுவார். அப்புறம் டிராக்டர் ஏறும்போதெல்லாம் அது உடையும்.

ஆபத்துகளில் இரண்டை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். முதலாவது மின்சாரம். கணக்கு முழுவதும் 16 மணி நேர மும்முனை மின்சாரத்தை நம்பி நிற்கிறது. ஆற்றோரக் கிணறு விவசாய லைனில் மாட்டிக்கொண்டு 10 மணி நேரம் மட்டுமே கிடைத்தால், அதே தண்ணீரை வேகமாக இறைக்க வேண்டும். கிணறு நிமிடத்துக்கு 330 லிட்டர் தர வேண்டும், 110 மி.மீ. குழாயின் உராய்வும் 14 மீட்டரிலிருந்து 33ஆக ஏறிவிடும். அதாவது கிணற்றையும் மோட்டாரையும் மறுபடி தேட வேண்டிவரும். எந்த லைனிலிருந்து இணைப்பு என்பதை ஈபி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி அறிக்கையோடு இணைக்க வேண்டும்.

இரண்டாவது, வழியிலுள்ள குடியிருப்புகள். அவர்களின் நிலத்தை ஒட்டிக் குழாய் போகும், அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைக்காது. சில மாதங்களில், குழாயில் சேரும் காற்றை வெளியேற்ற வைத்த ஏர் வால்வைத் தளர்த்தி வைத்து அதில் தண்ணீர் பிடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் தொட்டி நிரம்பாமல் போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மோட்டார் நின்ற நேரத்தில் அந்த வால்வு வழியாகவே அழுக்குத் தண்ணீரும் உள்ளே இழுக்கப்படும். வழியிலுள்ள வீடுகளைத் தொடக்கத்திலேயே எண்ணிச் சேர்த்து, அவர்களுக்குத் தனித் தொட்டி வைத்துவிடுங்கள். நூறு பேர் கூடினால் நாளொன்றுக்கு ஆறேழாயிரம் லிட்டர்தான், இந்தக் கிணற்றால் அது முடியும்.

கடைசியாகப் பராமரிப்பு. இன்றைய மக்கள்தொகைக்கு மின்சாரம் மாதம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். டேங்க் ஆபரேட்டர் சம்பளம், குளோரின், வால்வு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் மாதம் 30,000 ரூபாய் வரும், அதாவது வீட்டுக்கு 50 ரூபாய். இந்தத் தொகையை யார் தருவது, எந்தத் தலைப்பில் வசூலிப்பது என்ற தீர்மானத்தின் நகல் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையிலேயே அதை எழுப்பி நிறைவேற்றச் சொல்லுங்கள், டெண்டர் விடும் முன்பே.