கெட்டில், ரைஸ் குக்கர் வாங்குறதுக்கு முன்னாடி போட்டோல என்ன பாக்கணும் (தென்னாப்பிரிக்கா)

டர்பன்ல யாராச்சும் குரூப்ல கெட்டில் போட்டோ போட்டு "இதே மாடல் வாங்குங்க"ன்னு சொன்னா, முதல்ல அதோட அடிப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மாடல் நம்பர், வோல்ட், வாட்ஸ் எல்லாம் அங்க ஒட்டியிருக்கிற தகட்டுலதான் இருக்கும். பாக்க ஒரே மாதிரி இருக்கிற மாடல அமெரிக்காவுக்கு ஒரு வோல்ட்லயும் மத்த ஊருக்கு வேற வோல்ட்லயும் செய்வாங்க, அதனால நம்பர்ல கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாருங்க.

ஒரு கெட்டில்ல இப்படி இருக்குன்னு வைங்க:

```
220-240V~ 50/60Hz 1850-2200W
```

220 வோல்ட்ல 1850 வாட்ஸ், 240ல 2200 வாட்ஸ்னு அர்த்தம். இங்க லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால கிட்டத்தட்ட 2020 வாட்ஸ் எடுக்கும், 230ஆல வகுத்தா 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. சுவத்துல இருக்கிற பெரிய மூணு முள் சாக்கெட் 16 ஆம்பியர், தாராளமா தாங்கும். ஆனா அதுல ஒரு மல்டிபிளக் மாட்டி கெட்டிலும் ஹீட்டரும் சேத்துப் போட்டா கதை வேற, பிளக் சூடாகி உருக ஆரம்பிச்சிடும்.

ரைஸ் குக்கர்ல 120V 500Wனு மட்டும் இருந்தா அத விட்டுடுங்க. வோல்ட் ரெண்டு மடங்குக்குக் கிட்ட ஏறினா வாட்ஸ் நாலு மடங்குக்குக் கிட்ட ஏறும், இங்க நேரா சொருகினா 1800 வாட்ஸுக்கு மேல இழுத்து ஹீட்டர் கருகிடும். பிளக்குக்கு அடாப்டர் போட்டா முள்ளோட வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது!

இப்ப முத்திரைக்கு வருவோம், இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. இந்தியாவுல வாங்கின குக்கர்ல ஐஎஸ்ஐ இருக்கும், சீனச் சாமான்ல சிஇ இருக்கும். சிஇ ஐரோப்பாவுக்காகக் கம்பெனியே போட்டுக்கிறது. ரெண்டுமே தென்னாப்பிரிக்க அனுமதி ஆகாது. தென்னாப்பிரிக்கத் தர நிறுவனமான எஸ்ஏபிஎஸ்ஸோட முத்திரை இருந்தா நல்லது, ஆனா அது கம்பெனி விருப்பப்பட்டு வாங்குறது. கட்டாயம் எதுன்னா, இந்த மாதிரி மின்சாமான் விசி 8055ங்கிற கட்டாய விதிக்குள்ள வரும், விக்கிறதுக்கு முன்னாடி தயாரிக்கிறவரோ இறக்குமதி பண்றவரோ கட்டாய விதிகளக் கவனிக்கிற அரசு அமைப்பான என்ஆர்சிஎஸ் கிட்ட எல்ஓஏங்கிற அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கணும். அது தகட்டப் பாத்தா தெரியாது, அதனால கடைக்காரர்கிட்ட காப்பி கேளுங்க, அதுல இருக்கிற மாடலும் தகட்டுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. வேற மாடலோட கடிதத்த நீட்டினா ஒத்துக்காதீங்க.

இதெல்லாம் பாத்து வாங்கியும் பழுதாச்சுன்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ம் பிரிவுப்படி 6 மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். ரிப்பேரா, மாத்துறதா, காசான்னு முடிவு பண்றது நீங்கதான், கடைக்காரர் இல்ல. ரசீதும் அந்தத் தகடு போட்டோவும் போன்ல வச்சிருங்க. வியாபாரம் பண்ணாத ஒருத்தர்கிட்ட பழசு வாங்கினா இந்த உரிமை கிடையாது.