பணம் போச்சு, ஆர்டர் வரலை: எத்தனை நாள் காத்திருப்பது?

பாம்பனில் ஒரு அக்கா, வீட்டுக்காரருடைய வள்ளத்துக்கு சோலார் விளக்கு வாங்கப்போய் 1,850 ரூபாயை இழந்து நின்றார். மார்ச் 4-ஆம் தேதி யுபிஐ-யில் கட்டினார். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆர்டரோ பதிவாகவில்லை. விற்ற தளத்தைக் கேட்டால் ‘வங்கியைப் பாருங்கள்’ என்றார்கள், வங்கியில் ‘கம்பெனியைக் கேளும்மா’ என்றார்கள். பஸ் ஏறி இரண்டு முறை வந்து போனதுதான் மிச்சம்.

இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு இருக்கிறது. இணையக் கடைக்கு யுபிஐ-யிலோ கார்டிலோ கட்டி, கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால், கட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அக்காவுக்கு அந்தக் கெடு மார்ச் 9. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே தர வேண்டும். பணம் 14-ஆம் தேதி வந்தது. ஐந்து நாள் தாமதம், 500 ரூபாய். அது தானாக வரவில்லை, எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. ஆர்டர் பதிவாகி, அப்புறம் நீங்களோ கடைக்காரரோ அதை ரத்து செய்திருந்தால் இந்த ஐந்து நாள் கணக்கு செல்லாது. அது கடையின் ரீஃபண்ட், அவர்கள் விதிப்படிதான் வரும். ஆர்டர் எண் கையில் இருக்கிறதா என்று பார்த்தாலே உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடலோரத்தில் அடிக்கடி பார்ப்பது. நம் போனில் யுபிஐ இல்லையென்று பக்கத்துக் கடைக்காரரிடம் ரொக்கம் கொடுத்துக் கட்டச் சொல்கிறோம். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்குத்தான் திரும்பும், அதாவது கடைக்காரருக்கு. புகாரையும் அவர்தான் கொடுக்க வேண்டும். உங்கள் பாஸ்புக்கை எத்தனை தடவை பதிந்தாலும் அதில் ஒன்றும் வராது.

குறுஞ்செய்தியை நம்பி உட்காராதீர்கள், பல நேரம் வராது. பரிவர்த்தனை விவரத்தில் UTR என்று 12 இலக்க எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு ஸ்டேட்மெண்டில் வரவைத் தேடுங்கள். கெடு முடிந்ததும் உங்கள் வங்கியிலேயே புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்றால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், புகாரை வாங்கிக்கொள்வார்கள்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, கிடைத்த பதில் சரியில்லையென்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்குப் போடலாம், கட்டணம் இல்லை. வங்கியில் முதலில் புகார் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் போனால் தள்ளிவிடுவார்கள்.

இந்த நாட்களுக்குள் ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் உள்ளே வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. கூகுளில் தேடி எடுத்த கஸ்டமர் கேர் எண்ணுக்குப் பேசி, மிச்சமிருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.