மூன்று வினாடி பொறுத்தால் என்ன ஆகும்?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு சிறு பட்டணம். அங்குள்ள மதரஸா ஆசிரியர்களிடம் பொறுமை, நீதி, முன்மாதிரி பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பள்ளி ஆலோசகர். மூன்றுக்கும் தனித்தனியாகச் சொற்பொழிவு வேண்டாம் என்று, மக்ரிபுக்குப் பிறகு நடக்கும் ஓதல் வகுப்பை முதலில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஃபாத்திஹா சூரா ஓதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரின் மகள் 'வலள்ளாள்ளீன்' வருமுன் திணறி நின்றாள். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் புன்னகையோடு காத்திருந்தார். அவள் சமாளித்து ஓதினாள். அடுத்து, சாப்பாட்டுக்கடையில் ரொட்டி போடுபவரின் மகன். அவனும் அதே இடத்தில் நின்றான். அவன் வாய் திறக்குமுன் ஹஜ்ரத்தே சொல்லி முடித்துவிட்டார். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே டீச்சர் பார்க்குறேன்" என்றார் பின்னால். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை.

இது எல்லா வகுப்பறையிலும் நடப்பதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து காட்டினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிக்கு மேல் காத்திருப்பதில்லை. கெட்டிக்கார மாணவன் என்று நினைப்பவனுக்குக் கூடுதல் நேரம், மக்கு என்று நினைப்பவனுக்குக் குறைவு. மூன்று வினாடிக்கு மேல் காத்தபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது. ஆக, அங்கே பொறுமையும் நீதியும் ஒரே விஷயம்தான்.

பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பு தந்த பஷீரிடம் நபிகள் (ஸல்) "எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா?" என்று கேட்டது இவர்கள் அனைவரும் அறிந்த ஹதீஸ். அந்த அன்பளிப்பின் இடத்தில் மூன்று வினாடியை வைத்துப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

செய்முறை எளிது. பிள்ளை நின்றால் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வரவில்லையா, முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள், முழுச் சொல்லையும் அல்ல. எப்போதும் காத்திருக்கவும் கூடாது. அதே சூராவில் 'அன்அம்த'வை 'அன்அம்து' என்று ஓதினால் 'நீ அருள் புரிந்தாய்' என்பது 'நான் அருள் புரிந்தேன்' ஆகிவிடும். அதை உடனே திருத்தத்தான் வேண்டும். கண் கலங்கி நிற்கும் பிள்ளையையும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், கூடவே ஓதுங்கள்.

"நாங்க தப்பா ஓதுனா?" என்று ஓர் இளம் உஸ்தாஸா கேட்டார். நல்ல கேள்வி. தொழுகையில் இமாம் தடுமாறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கிறார், இமாம் ஏற்று ஓதுகிறார், யாருக்கும் அவமானமில்லை. வகுப்பில் ஒரு பொடியன் அப்படி எடுத்துக் கொடுத்தால் மட்டும் ஏன் முகம் கறுக்க வேண்டும்? "ஆமாம்பா, நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அதே வரியைத் திரும்ப ஓதுங்கள்.

யாருக்கு எவ்வளவு காத்தீர்கள் என்று நினைவில் வைக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் இன்னோர் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் கோடு போட்டால் போதும். அந்த ஹஜ்ரத்தும் உஸ்தாஸாவும் மாறி மாறி உட்காருவதாக ஒத்துக்கொண்டார்கள்.