லீவ் கிராண்டட்: விடுப்பா, இசைவா, அனுமதியா?

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் தமிழ்ப் பிரதியில் முதல் பத்தி இரண்டே சொல்: 'விடுப்பு வழங்கப்பட்டது.' இதைப் பார்ப்பது எனக்கு முதல் தடவை இல்லை. இந்த முறை கொண்டுவந்தவர் என் தாய்மாமா. நில வழக்கில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர். எதிர்த்தரப்பு டெல்லி வரை போய்விட்டது. யாரோ தீர்ப்பை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். "யாருக்கு மாப்ளே லீவு?" என்று கேட்டார். கேலியாக இல்லை, பயந்துபோய்க் கேட்டார்.

மூலத்தில் இருப்பது 'லீவ் கிராண்டட்'. பழைய ஆங்கிலத்தில் 'லீவ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அனுமதி என்றுதான் பொருள். வேலைக்கு வராமலிருக்கப் பெறும் அனுமதி என்பதிலிருந்துதான் விடுமுறைப் பொருள் பின்னால் வந்தது. தமிழிலும் 'விடை' அப்படித்தான்; விடை கொடுத்தல் என்றால் போக அனுமதித்தல். இயந்திரம் படித்துப் பழகிய ஆங்கிலத்தில் 'லீவ்' பெரும்பாலும் அலுவலக லீவாகவே வந்திருக்கும். அக்கம்பக்கம் எதுவும் இல்லாத இரண்டு சொல் வாக்கியம் என்பதால், அது பழகிய பொருளையே எடுத்துக்கொள்கிறது.

சரி, விடுப்பு தப்பு என்பது யாருக்கும் தெரியும். என் சண்டை அதைத் திருத்துகிறேன் என்று 'இசைவு வழங்கப்பட்டது' என எழுதுகிறவர்களோடு. அனுமதி வடசொல், இசைவு தமிழ் என்பது அவர்கள் வாதம். எனக்கும் தமிழ்ச்சொல் மேல் ஆசை உண்டு. ஆனால் சட்டத்தில் இசைவுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றுக்கொள்வது இசைவு. இருதரப்பும் சம்மதித்துப் பெறும் தீர்ப்பாணைக்கும் அதே சொல்தான். சமமானவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது அது. அரசமைப்பின் 136ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு மேல்முறையீட்டு உரிமையே கிடையாது. கேட்க வேண்டும், நீதிமன்றம் விரும்பினால் கொடுக்கும். 'இசைவு வழங்கப்பட்டது' என்று படிக்கிறவர் நீதிமன்றம் எதிராளியின் வாதத்துக்கு இசைந்துவிட்டது என்றுதானே எடுத்துக்கொள்வார்? 'ஒப்புதல்' இன்னும் மோசம். ஒப்புதல் வாக்குமூலம் என்ற சொற்றொடர் ஊரெல்லாம் தெரிந்தது.

அப்போ வெறும் 'அனுமதி வழங்கப்பட்டது' போதுமா? போதாது. இங்கேதான் நல்ல மொழிபெயர்ப்பாளர்களும் சறுக்குகிறார்கள். நம் நீதிமன்றத் தமிழில் ஒருவர் மேல்முறையீட்டில் ஜெயித்தால் 'மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது' என்றே எழுதுகிறோம். முதல் பத்தியில் வெறும் அனுமதி என்று பார்த்தால் எதிர்த்தரப்பு ஜெயித்துவிட்டது போலிருக்கும். உண்மையில் அங்கே திறந்தது கதவு மட்டும். அதுவரை 'சிறப்பு அனுமதி மனு' என்று எண்ணிடப்பட்டிருந்தது, அந்த நொடியில் 'உரிமையியல் மேல்முறையீடு' ஆகிப் புது எண் பெறுகிறது.

எண் மாறுவதால் என்ன என்று கேட்கலாம். 2000இல் குன்ஹயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. அனுமதி தராமல், காரணமும் சொல்லாமல் மனுவைத் தள்ளினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு தன் காலில் நிற்கிறது; அதைச் சீராய்வு செய்யச் சொல்லி அங்கேயே திரும்பப் போக வழி இருக்கிறது. அனுமதி கொடுத்தபின் மேல்முறையீட்டைத் தள்ளினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள் கரைந்துவிடுகிறது. எதிராளி மறுபடி உயர் நீதிமன்றப் படியேற முடியாது. மாமாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! அதைச் சொல்வது அந்த இரண்டு சொல் வாக்கியம்தான்.

ஆகவே எதற்கு அனுமதி என்பதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும்: 'மேல்முறையீடு செய்ய அனுமதி வழங்கப்பட்டது.' ஆங்கிலத்தில் இரண்டு சொல் என்பதற்காகத் தமிழிலும் இரண்டில் அடக்கும் பிடிவாதத்தை மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும். இயந்திரப் படியைச் சரிபார்க்க உட்காருகிறவர் நீளமான பத்திகளில் மட்டும் கண்ணை வைக்கக் கூடாது. இலக்கணம் சுத்தமாக இருக்கும் குட்டி வாக்கியத்தில் பிழை கண்ணில் படாது. 'மொழிபெயர்ப்பு வழக்காடியின் புரிதலுக்கு மட்டும், ஆங்கில மூலமே செல்லும்' என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். புரிதலுக்காகத் தருவதே புரியாமல் போனால் அந்தக் குறிப்பு மாமாவுக்கு எதற்கு?

அவருடைய பிரதியில் முதல் வரியை அடித்துப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினோம். 'மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று அங்கே சரியாகவே இருந்தது. அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் காப்பியைக் கையில் எடுத்தார்.